சூடேற்றி கட்டுமீறும்போது: ஒரு சிறு கட்டுப்படுத்தியின் வெப்பக் காவல்



விரல் நுனியளவே உள்ள ஒரு சூடேற்றியைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டுள்ளேன். முப்பரிமாண அச்சுப்பொறியைப் பலரும் பள்ளிகளிலோ கடைகளிலோ பார்த்திருப்பீர்கள். சிலர் வீட்டிலேயே வைத்திருப்பீர்கள். அதன் தலைப்பகுதியில் ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள ஓர் அலுமினியக் கட்டி இருக்கிறது. அக்கட்டியில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்றில் 40 வாட் ஆற்றலுள்ள உருளை வடிவச் சூடேற்றி செருகப்பட்டிருக்கும். மற்றதில் வெப்பநிலையை அறியும் உணரி செருகப்பட்டிருக்கும். பிளாஸ்டிக் இழை அக்கட்டியின் நடுவே சென்று உருகி, கீழுள்ள நுண்துளை வழியே வெளிவருகிறது. பி.எல்.ஏ. என்னும் பிளாஸ்டிக்கை அச்சிடக் கட்டி ஏறத்தாழ 210 பாகை செல்சியஸில் நிலைத்திருக்க வேண்டும்.

இதனை அந்நிலையில் வைத்திருப்பது ஒரு சிறு மின்சுற்றுப் பலகையும் அதில் இயங்கும் நிலைபொருளும் ஆகும். உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் நிலைபொருள்களுள் ஒன்று மார்லின். 2011ஆம் ஆண்டு எரிக் வான் டெர் சால்ம் என்பவர் தொடங்கிய இதன் நிரல் எவரும் படித்துப் பார்க்குமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது. ஆகவே அதனையே சான்றாகக் கொண்டு, இத்தகைய கட்டுப்படுத்தி தன் உணரி பொய்யுரைப்பதை எவ்வாறு கண்டுபிடிக்கிறது என்பதையும், எவ்விடத்தில் அதன் திறன் முடிந்துவிடுகிறது என்பதையும் விளக்க முயல்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘தெர்மல் ரன்அவே’ எனப்படும் நிலையை இவ்வுரையில் ‘வெப்பக் கட்டுமீறல்’ எனக் குறிப்பிடுகிறேன். சூடேற்றி தொடர்ந்து சூடேறிக்கொண்டே போக, அதனைத் தடுக்க வேண்டிய கட்டுப்பாடு செயலற்றுப் போவதே இதன் பொருள்.

கட்டுப்படுத்தி காண்பது ஓர் எண்ணையே

அலுமினியக் கட்டியின் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி நேரே அறிவதில்லை. தெர்மிஸ்டர் என்னும் உணரியின் மின்தடையை மட்டுமே அது அறிகிறது. இவ்வகைப் பொறிகளில் வழக்கமாக உள்ள தெர்மிஸ்டரின் மின்தடை 25 பாகையில் 1,00,000 ஓம். வெப்பம் ஏற ஏற அது குறைந்து, 200 பாகையில் சில நூறு ஓம் என்ற அளவுக்கு வந்துவிடும்.

இந்த உணரியோடு 4,700 ஓம் கொண்ட நிலையான மின்தடை ஒன்று தொடராக இணைக்கப்பட்டிருக்கும். இரண்டிற்கும் இடைப்பட்ட புள்ளியின் மின்னழுத்தத்தைப் பலகையில் உள்ள சில்லு அளந்து, 0 முதல் 1023 வரையிலான ஓர் எண்ணாக மாற்றுகிறது. உணரி குளிர்ந்திருந்தால் எண் உயர்ந்திருக்கும்; சூடாக இருந்தால் தாழ்ந்திருக்கும். 200 பாகையை ஒட்டி அவ்வெண் ஏறத்தாழ 100 ஆகும். நிலைபொருளில் உள்ள அட்டவணை அவ்வெண்ணைப் பாகையாக மாற்றித் தருகிறது. அந்தப் பாகை இலக்கைவிடக் குறைவாக இருந்தால் கட்டுப்படுத்தி சூடேற்றிக்குக் கூடுதல் மின்சாரம் விடும். இலக்கை எட்டினால் குறைக்கும். குறை 10 பாகைக்கு மேல் போய்விட்டால் முழு ஆற்றலையும் திறந்துவிடும்.

உணரி எதைச் சொன்னாலும் அதனைக் கட்டியின் வெப்பநிலை என்றே கட்டுப்படுத்தி ஏற்றுக்கொள்கிறது என்பதை இங்கே கருத வேண்டும். பின்வரும் இடர்கள் யாவும் இதனின்று பிறப்பவையே.

எளிதில் பிடிபடும் இரு பழுதுகள்

அச்சுப்பொறியின் தலை ஒரு நாளில் பல்லாயிரம் முறை இங்குமங்கும் ஓடுகிறது. உணரியின் மெல்லிய கம்பி அதனுடன் சேர்ந்து வளைந்து நிமிர்ந்து, ஒருநாள் அறுந்துபோகலாம். அறுந்தால் மின்தடை எல்லையற்றதாகி, அளவை எண் 1023இல் போய் நிற்கும். அட்டவணைப்படி அது உறைபனிக்கும் கீழான குளிர். அதனை நம்பினால் கட்டுப்படுத்தி முழு ஆற்றலையும் திறந்துவிடும். இதனைத் தடுக்கவே கீழெல்லை ஒன்று வைக்கப்பட்டுள்ளது. சூடேற்றும் கட்டளை நடப்பிலிருக்கும்போது அளவு 5 பாகைக்குக் கீழே சென்றால், பொறி நின்று திரையில் `MINTEMP` எனக் காட்டும்.

கம்பியின் காப்புறை தேய்ந்து இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் நேர்மாறானது நிகழும். மின்தடை சுழியாகி, கட்டி கடுஞ்சூட்டில் இருப்பதாகத் தோன்றும். வழக்கமாக 275 பாகை என வைக்கப்படும் மேலெல்லையை அது மீறுவதால் `MAXTEMP` என்னும் அறிவிப்புடன் பொறி நிற்கும்.

குளிர்நாடுகளில் வெப்பமூட்டப்படாத கொட்டகையில் பொறியை வைத்திருப்போர், பழுது ஏதுமின்றியே குளிர்காலக் காலையில் `MINTEMP` அறிவிப்பைக் காண்பதுண்டு. நம் மண்ணில் அறையின் வெப்பம் 5 பாகைக்கு இறங்குவதில்லை. ஆகையால் இங்கே அவ்வறிவிப்பு வந்தால் கம்பியையோ இணைப்பியையோ ஐயுறுவதே முறை.

இவ்விரு பழுதுகளிலும் உணரி நம்பவே முடியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறது. அதனால் எல்லைக்கோடு ஒன்றே அதனைப் பிடிக்கப் போதுமானது. நம்பத்தகுந்த பொய்யை உணரி சொல்லும்போதுதான் சிக்கல் எழுகிறது.

நம்பத்தகுந்த பொய்

உணரியைக் கட்டியோடு பிடித்துவைப்பது ஒரு சிறு திருகாணி. அதிர்வினாலும், மீண்டும் மீண்டும் சூடேறிக் குளிர்வதாலும் அது தளரக்கூடும். தளர்ந்தபின் உணரி துளையிலிருந்து நழுவி வெளியே தொங்குகிறது எனக் கொள்வோம். அதன் கம்பி அறவில்லை, தொடவும் இல்லை. அது தன்னைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தை மிகச் சரியாகவே அளந்து சொல்கிறது. 150 பாகை, 120 பாகை, 90 பாகை என அளவு இறங்குகிறது. இவற்றுள் எதுவும் 5க்குக் கீழோ 275க்கு மேலோ இல்லை. இரண்டு எல்லைக்கோடுகளும் வாய்மூடி நிற்கின்றன. கட்டி குளிர்கிறது என்று எண்ணிய கட்டுப்படுத்தி முழு ஆற்றலையும் செலுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்பொய்யைக் கண்டுபிடிக்க ஒரே ஓர் அளவை மட்டும் பார்ப்பது போதாது. 120 பாகை என்பது தன்னளவில் தவறான எண் அன்று. ஆயினும், முழு ஆற்றலும் செலுத்தப்பட்டும் எண் ஏறாமல் இறங்குவது இயற்கைக்கு ஒவ்வாதது. செயலுக்கு ஏற்ற விளைவு உரிய காலத்துக்குள் வந்ததா என்று கேட்பதே வெப்பக் காவலின் அடிப்படை. கேள்வி வெப்பநிலையைப் பற்றியது போலத் தோன்றினாலும், உண்மையில் அது காலத்தைப் பற்றியது.

இரண்டு கேள்விகள்

மார்லினில் இக்கேள்வி இரு வடிவங்களில் அமைந்துள்ளது. அதன் அமைவுக் கோப்புகளில் அண்மைப் பதிப்புகள் தரும் வரிகள் இவை:

```
#define THERMAL_PROTECTION_HOTENDS
#define THERMAL_PROTECTION_PERIOD 40
#define THERMAL_PROTECTION_HYSTERESIS 4
#define WATCH_TEMP_PERIOD 40
#define WATCH_TEMP_INCREASE 2
```

முதல் வரி காவலை இயக்குகிறது. அந்த வரி நீக்கப்பட்டால் காவலே இல்லை. கடைசி இரண்டு வரிகள் சூடேறும் கட்டத்துக்கு உரியவை. குளிர்ந்திருக்கும் கட்டியைச் சூடாக்குமாறு கட்டளை வந்ததும், நிலைபொருள் அப்போதைய வெப்பநிலையைக் குறித்துக்கொள்கிறது. அடுத்த 40 வினாடிக்குள் அது 2 பாகையேனும் ஏறியிருக்க வேண்டும். ஏறினால் புதிய அளவைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் 40 வினாடி தவணை தரும். இலக்கை நெருங்கும்வரை இவ்வாறே தொடரும். ஏறவில்லையெனில் `Heating Failed` என அறிவித்துப் பொறியை நிறுத்தும். சூடேற்றியின் கம்பி கழன்றிருந்தாலும், உணரி தொடக்கத்திலேயே துளைக்கு வெளியே கிடந்தாலும் இக்கேள்வியில் பிடிபடும்.

நடுவிலுள்ள இரண்டு வரிகள் இலக்கை எட்டிய பின்னர்க் காவல் காப்பவை. 210 பாகையை ஒருமுறை தொட்டுவிட்டால், அதன்பின் அளவு 4 பாகைக்கு மேல் குறையாதிருக்க வேண்டும். அதாவது 206ஆவது இருக்க வேண்டும். அவ்வாறு இருக்கும்வரை ஒரு கடிகாரம் ஓயாமல் தொடக்கத்திற்குத் திருப்பப்படுகிறது. அளவு 206க்குக் கீழே போனதும் கடிகாரம் திருப்பப்படாமல் ஓடத் தொடங்குகிறது. 40 வினாடி முடிவதற்குள் அளவு மீளாவிட்டால், `Thermal Runaway` என்னும் அறிவிப்புடன் சூடேற்றிகள் எல்லாம் அணைக்கப்படும். மனிதர் ஒருவர் வந்து மீண்டும் தொடக்கும்வரை பொறி இயங்காது.

சூடேற்றியே துளையிலிருந்து நழுவி விழுந்தாலும் இதே விதி பிடித்துவிடும் என்பது கருதத்தக்கது. அப்போது உணரி பொய் சொல்லவில்லை. கட்டி மெய்யாகவே குளிர்கிறது. ஆயினும், செந்தணலாய்ச் சூடேறிய உருளை ஒன்று பிளாஸ்டிக் உறைமேல் கிடக்கக்கூடும். உணரி நழுவியதா, சூடேற்றி நழுவியதா என்று கட்டுப்படுத்தியால் பிரித்தறிய இயலாது. பிரித்தறிய வேண்டிய தேவையும் இல்லை. இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே.

நாற்பது வினாடியில் நிகழ்வது

நாற்பது வினாடி நெடுநேரம் அன்றோ என்ற ஐயம் எழலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். கட்டி, சூடேற்றி, நுண்துளைக் குழல் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு பாகை உயர்த்த 15 ஜூல் ஆற்றல் தேவை என்று கொள்வோம். 210 பாகையில் அதனை நிலைநிறுத்த 12 வாட் போதும் எனவும் கொள்வோம். இவை தோராயமான அளவுகள். ஆயினும் இத்தகைய கட்டிக்குப் பொருந்துபவை.

உணரி நழுவியதும் ஓரிரு வினாடியிலேயே அளவு 206க்குக் கீழே வந்துவிடும். கட்டுப்படுத்தி 40 வாட் முழுவதையும் செலுத்துகிறது. 12 வாட் காற்றில் கலைய, எஞ்சிய 28 வாட் கட்டியைச் சூடாக்குகிறது. 28ஐ 15ஆல் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 1.9 பாகை உயர்வு. கட்டி சூடேறச் சூடேற இழப்பும் கூடுவதால் உயர்வின் வேகம் சற்றே குறையும். அதனையும் சேர்த்துக் கணக்கிட்டால் 40 வினாடியில் ஏறத்தாழ 70 பாகை உயர்ந்து, கட்டி 280 பாகையில் நிற்கும். பிளாஸ்டிக் கருகும், துர்நாற்றம் வீசும், உள்ளே டெஃப்லான் குழாய் இருந்தால் அது கெட்டுத் தீய ஆவியை வெளியிடத் தொடங்கியிருக்கும். ஆனால் தீப்பற்றும் நிலை இன்னும் வந்துவிடவில்லை.

காவல் இல்லையெனில் என்னாகும்? உள்வரும் 40 வாட்டும் வெளியேறும் இழப்பும் சமமாகும்வரை வெப்பம் ஏறும். மேற்கண்ட எளிய கணக்கின்படி அந்நிலை 600 பாகையைத் தாண்டும். உயர்ந்த வெப்பத்தில் கதிர்வீச்சால் இழப்பு மிகுவதால் உண்மையில் அதற்குக் கீழேயே நிற்கலாம். ஆயினும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் பாகங்களும் கம்பி உறைகளும் பற்றிக்கொள்ள அதைவிடக் குறைந்த வெப்பமே போதும். தொடக்கக் காலத்தில் விற்கப்பட்ட மலிவுப் பொறிகள் சிலவற்றில் இக்காவல் இயக்கப்படாமலேயே இருந்தது. இரவு முழுதும் ஓடும் பொறி, பூட்டிய அறை, அடுக்குமாடி வீடு ஆகிய மூன்றையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு வரியின் பெறுமதி விளங்கும்.

அப்படியானால் 40 வினாடியை 5 வினாடியாகக் குறைத்துவிடலாமே எனலாம். குளிர்விக்கும் விசிறி திடீரென ஓடத் தொடங்கும்போதும், இழை விரைந்து செலுத்தப்படும்போதும், நல்ல நிலையிலுள்ள பொறியிலும் வெப்பம் சில பாகை தாழ்ந்து மீள்வதுண்டு. தவணை மிகக் குறைந்தால், பத்து மணி நேர வேலை ஒன்று காரணமின்றி நடுவே நின்றுபோகும். பொய் எச்சரிக்கைகள் மிகுந்தால் மக்கள் காவலையே அணைத்துவிடுவர். கட்டி எவ்வளவு சூடாகலாம், மனிதர் எவ்வளவு பொறுப்பர் என்னும் இரண்டுக்கும் இடையே எடுத்த முடிவே இந்த 40.

காவலின் கண்ணுக்குத் தப்புவன

உணரி முழுதும் நழுவாமல் பாதியளவே வெளிவந்திருந்தால் இக்காவல் ஏமாந்துபோகும். கட்டி 240 பாகையில் இருக்க, பாதி நழுவிய உணரி 210 எனக் காட்டுகிறது எனக் கொள்வோம். கட்டுப்படுத்தியின் பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே உள்ளது. இதனைக் கண்டறிய ஒரு வழி உண்டு. `M105` என்னும் கட்டளையை அனுப்பினால், விடையில் வெப்பநிலையோடு `@:` என்னும் குறியை அடுத்து ஓர் எண்ணும் வரும். அது சூடேற்றிக்கு அப்போது தரப்படும் ஆற்றலை 0 முதல் 127 வரையில் காட்டுவது. பொறி நன்றாக இருந்தபோது 210 பாகைக்கு அந்த எண் 40ஐ ஒட்டியிருந்து, இப்போது அதே 210க்கு 55 எனக் காட்டினால், கட்டியை விட்டு உணரி விலகத் தொடங்கியதா என்று பார்க்க வேண்டும். கட்டியை மூடும் சிலிக்கோன் உறை கழன்றிருந்தாலும் இவ்வாறு நேரலாம் என்பதால் அதனையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது வரம்பு இதனினும் கடுமையானது. சூடேற்றிக்குச் செல்லும் மின்சாரத்தைத் திறந்து மூடுவது மாஸ்ஃபெட் என்னும் மின்னணு ஆளி. அது பழுதாகும்போது பெரும்பாலும் திறந்த வாயிலாகவே நின்றுவிடும். அதாவது, மூடுமாறு சில்லு ஆணையிட்டாலும் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது உணரி உண்மையையே சொல்கிறது. அளவு 210ஐத் தாண்டி ஏறுகிறது. நாம் மேலே கண்ட இரு கேள்விகளும் அளவு குறைவதையும் ஏறாமலிருப்பதையுமே கேட்பவை; மிகுவதைக் கேட்பதில்லை. 275ஐ எட்டியதும் `MAXTEMP` விழித்துக்கொள்கிறது. நிலைபொருள் சூடேற்றியை அணைக்கிறது. திரையில் எச்சரிக்கையை எழுதுகிறது. ஆனால் அணைக்கும் ஆணையைக் கேட்க வேண்டிய ஆளியே பழுதானது. எச்சரிக்கை திரையில் ஒளிர்ந்துகொண்டிருக்க, கட்டி மேலும் சூடேறுகிறது.

பழுதைக் கண்டறிவதும் பழுதிலிருந்து காப்பதும் வேறு வேறு என்பதை இவ்விடத்தில் காண்கிறோம். நிலைபொருள் முதலாவதைச் செய்துவிட்டது. இரண்டாவதற்கு அதனிடம் கருவி இல்லை. அக்கருவியைத் தனியே அமைத்துத் தர வேண்டும். மின்வழங்கியையே துண்டிக்கும் ரிலே ஒன்றைப் பொருத்தி, அதனை இயக்கும் உரிமையை நிலைபொருளுக்குக் கொடுக்கலாம். பொறி நிற்கும் கணத்தில் மார்லின் மின்வழங்கியையும் அணைக்குமாறு அமைக்க இயலும். அல்லது, குறித்த வெப்பத்தில் உருகி அறுந்துபோகும் வெப்ப ஃபியூஸைச் சூடேற்றியின் மின்வழியில் இடலாம். அது எந்த நிரலையும் நம்பி நிற்பதில்லை. அச்சுத்தட்டைச் சூடாக்கும் சூடேற்றி வீட்டு மின்சாரத்தில் நேரே இயங்குவதாயின், அவ்வகை ஃபியூஸ் தட்டிலேயே இருப்பது இன்றியமையாதது.

ஆளி பழுதாகிவிட்டதை முன்னரே உணர்த்தும் அறிகுறி ஒன்றுண்டு. பொறியை இயக்கிச் சூடேற்றும் கட்டளை எதுவும் தராமல் விட்டுவைத்து, திரையில் அளவு தானே ஏறுகிறதா எனப் பாருங்கள். ஏறினால் உடனே சுவர் ஆளியை அணைத்துவிட வேண்டும்; பொறியின் திரையில் உள்ள எந்தக் கட்டளையும் அப்போது பயன் தராது.

காவல் விழித்திருக்கிறதா என்று அறிய

உங்கள் பொறியில் காவல் உள்ளதா என அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பொறியை அணைத்து, மின்செருகியைக் கழற்றி, கட்டி முழுதும் குளிர்ந்தபின், பலகையில் சூடேற்றியின் இரு கம்பிகளையும் கழற்றி ஒன்றையொன்று தொடாதவாறு ஒதுக்கி வையுங்கள். பின்னர்ப் பொறியை இயக்கி `M104 S200` எனக் கட்டளையிடுங்கள். சூடேற்றி இணைக்கப்படாததால் அளவு ஏறாது. ஒரு நிமிடத்திற்குள் `Heating Failed` எனத் திரையில் தோன்றினால் காவல் விழித்திருக்கிறது. சில நிமிடங்கள் கடந்தும் பொறி அமைதியாகக் காத்திருந்தால் காவல் இல்லை எனக் கொள்ள வேண்டும். அத்தகைய பொறியை நிலைபொருள் மாற்றப்படும்வரை ஆளில்லாமல் ஓடவிடலாகாது.

எச்சரிக்கை வந்து வேலை நின்றுவிட்டால் சினம் வருவது இயல்பே. அப்போது பலர் செய்வது, 40ஐ 120 ஆக்குவதோ, 4ஐ 15 ஆக்குவதோ, முதல் வரியையே நீக்கிவிடுவதோ ஆகும். எச்சரிக்கை அதன்பின் வராது என்பது உண்மைதான். ஆனால் 120 வினாடி தவணையில் நம் கணக்கின் கட்டி 280இல் நிற்காமல் ஏறத்தாழ 380 பாகைக்குப் போய்விடும். எண்ணை மாற்றுவதற்கு முன்னர் மூன்றைப் பார்ப்பது நலம்: உணரியின் திருகாணி தளர்ந்துள்ளதா, விசிறியின் காற்று கட்டியின் மேல் நேரே படுகிறதா, சூடேற்றியின் கம்பி பலகையில் இறுக முடுக்கப்பட்டுள்ளதா. தளர்ந்த முடுக்கத்தில் கம்பி கருகிப் பழுப்பேறியிருப்பதைக் கண்ணாலேயே காணலாம். காரணம் இம்மூன்றிலும் இல்லையென்று தெளிந்த பின்னரே, கட்டியின் பருமனுக்கேற்ப எண்ணைச் சற்றே தளர்த்துவது பற்றி எண்ண வேண்டும். அவ்வாறு தளர்த்திய பிறகும், கம்பியைக் கழற்றிச் செய்யும் அதே சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து, புதிய தவணைக்குள் பொறி நிற்கிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.